தீர்ப்புக்குப் பிறகு வரும் சாட்சியம்

நிறைய வாசிக்கிற நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு பேச்சுவாக்கில் சொன்னார்: "நேராகச் சொல்ல முடிகிற கதையை ஏன் கலைத்துப் போட வேண்டும்? எழுத்தாளருக்குத் தெரிந்ததை நம்மிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது வெறும் வித்தை." அதை அங்கேயே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பாதி உண்மை அதில் இருக்கிறது. சமீபத்தில் வாசித்த பல நாவல்களில் அத்தியாயத் தலைப்பிலேயே ஒரு வருடத்தைப் போட்டு, முன்னும் பின்னும் தாவி, கடைசி அத்தியாயத்தில் ஒரு ரகசியத்தை அவிழ்ப்பதுதான் மொத்த வேலையாக இருக்கிறது. அந்த ரகசியம் தெரிந்தபின் அந்த நாவலை இரண்டாம் முறை திறக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது மனதில் ஒட்டாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது சரியென்றால், டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவலும் ஒரு வித்தைதான் என்றாகிவிடும். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் ஏற்க முடியவில்லை என்பதை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாததுதான் உறுத்தல்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நாவலை மறுபடி எடுத்து, ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நிகழ்ச்சிகள் நடந்த வரிசையையும் வலப்பக்கம் அவை நமக்குச் சொல்லப்படுகிற வரிசையையும் எழுதினேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. கதை நடக்கும் காலம் வேறு, கதை சொல்லப்படும் காலம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதைப் பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ழெரார் ழெனெத் 1972-இல் விரிவான முறையாகவே ஆக்கிவிட்டார். ஒரு ஃபிளாஷ்பேக் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரே நிகழ்ச்சி எத்தனை முறை சொல்லப்படுகிறது என்றெல்லாம் அவர் கேட்கிறார். கேள்விகள் நல்லவைதான். ஆனால் நோட்டு நிரம்பியபிறகு எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொரு கேள்வி: இந்த நிகழ்ச்சியை இன்னும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் நான் யாரை மன்னித்திருப்பேன்? பின்னால் சொன்னதால் யாரைத் தண்டித்தேன்?

(இனிமேல் கதை முழுவதையும் பேசப் போகிறேன். இன்னும் வாசிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்வதென்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த நாவல் கதை தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற நாவல் இல்லை.)

ஒளித்து வைக்கப்பட்டது எது?

நாவலின் நிகழ்காலம் 1873. சின்சினாட்டி நகரத்தின் ஓரத்தில், 124 என்ற எண்ணுள்ள வீட்டில், முன்பு அடிமையாக இருந்த சேத் என்பவள் தன் மகள் டென்வருடன் வாழ்கிறாள். வீட்டில் இறந்துபோன ஒரு குழந்தையின் ஆவி இருக்கிறது. கென்டக்கியில் 'ஸ்வீட் ஹோம்' என்ற பண்ணையில் சேத்துடன் அடிமையாக இருந்த பால் டி பதினெட்டு வருடங்கள் கழித்து அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். அந்தப் பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், 1855-இல், தப்பியோடி வந்திருந்த சேத்தையும் அவள் பிள்ளைகளையும் பிடித்துப்போகப் பண்ணையின் எசமான் ஆள்களோடு வந்தபோது, அவள் தன் பெண்குழந்தையின் கழுத்தை ரம்பத்தால் அறுத்துக் கொன்றாள். அவர்கள் கையில் பிள்ளைகளைத் திரும்பவும் கொடுக்கக்கூடாது என்பதற்காக.

நேராகச் சொல்வதென்றால் 1855-இல் தொடங்கியிருக்கலாம், அல்லது அதற்கும் முன்னால் பண்ணையிலிருந்து தொடங்கலாம். நாவல் அந்தக் கொலைக்காட்சியைக் கிட்டத்தட்டப் பாதி தாண்டியபிறகுதான், முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில், நேரடியாகக் காட்டுகிறது. ஆக, நண்பர் சொன்னதுபோல ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதானே ஆகிறது?

இங்கேதான் நோட்டு எனக்கு உதவியது. வலப்பக்கத்தில் முதல் அத்தியாயத்தின் வரிகளைக் குறித்துக்கொண்டு போனபோது, கழுத்து அறுக்கப்பட்ட செய்தி முதல் அத்தியாயத்திலேயே இருப்பதைப் பார்த்தேன். கழுத்து அறுக்கப்பட்டதால் ஆத்திரம் கொண்ட குழந்தையின் ஆவி என்று ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, போகிறபோக்கில், வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டுப் போகிறது. அந்த வாக்கியம் அழுத்தமாகப் பேசுவது கல்லறைக்கல்லைப் பற்றி. மகளின் கல்லில் ஏழு எழுத்துகள் பொறிக்க, கல் செதுக்குபவனுக்குச் சேத் பத்து நிமிடம் தன் உடலைக் கொடுத்தாள் என்பதைப் பற்றி. வாசிக்கிறவர் கவனம் அந்தப் பத்து நிமிடத்தில் சிக்கிக்கொள்கிறது. கழுத்து என்ற சொல் கண்ணில் படுகிறது, ஆனால் யார் அறுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அதாவது மாரிசன் நிகழ்ச்சியை ஒளிக்கவில்லை, கை யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறார். இது சின்ன வேறுபாடு மாதிரி தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகசிய நாவல் நிகழ்ச்சியை மறைக்கும், நாம் "என்ன நடந்தது?" என்று ஓடுவோம். இங்கே நமக்கு ஒரு மரணம் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது, நாம்தான் அதைக் கேட்டும் கேட்காதவர்களாக நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் பதினெட்டு வருடமாகச் செய்துவருவதும் ஏறக்குறைய அதுதான்.

நினைவு யாருடையது, யாரிடம் சொல்லப்படுகிறது

ஃபிளாஷ்பேக் நன்றாக அமைந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் இப்போது வைத்திருக்கும் ஒரு கேள்வி: அந்த நினைவு வந்து போனபிறகு நிகழ்காலத்தில் ஏதாவது மாறுகிறதா? மாறவில்லையென்றால் அது வாசகருக்காக ஒட்டப்பட்ட தகவல் சீட்டு. பாத்திரம் ஜன்னலருகே நின்று வெளியே பார்க்கும், பத்து வருடம் பின்னால் போகும், ஆறு பக்கம் கழித்துத் திரும்பி வரும்போது அதே ஜன்னலருகே அதே ஆளாக நிற்கும். அப்படிப்பட்ட ஆறு பக்கங்களை எடுத்துவிட்டாலும் நாவல் ஆடாது.

'பிலவ்ட்'டில் தாய்ப்பாலைப் பற்றிய காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சேத் கர்ப்பிணியாக, முன்பு பிறந்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாளில், எசமானின் மருமகன்கள் இருவர் அவளைப் பிடித்து அவள் மார்பிலிருந்து பாலை எடுத்தார்கள். அதை அவள் எசமானியிடம் சொன்னதற்காக முதுகு கிழியச் சாட்டையால் அடித்தார்கள். இது முதல் அத்தியாயத்திலேயே பால் டியிடம் அவள் வாயால் வருகிறது. பால் டிக்குச் சாட்டைதான் பெரிதாகத் தெரிகிறது. மாட்டுத்தோல் சாட்டையாலா அடித்தார்கள் என்று கேட்கிறான். என் பாலை எடுத்துக்கொண்டார்கள் என்கிறாள். கர்ப்பமாக இருந்தபோதா அடித்தார்கள் என்கிறான். என் பாலை எடுத்துக்கொண்டார்கள் என்கிறாள் மறுபடியும். அவன் கேள்வி எதுவாக இருந்தாலும் அவள் பதில் அதுதான். கடந்த காலத்தில் எது முக்கியம் என்பதில் இரண்டு பேருக்கும் உள்ள இடைவெளி இந்த நாலு வரியிலேயே திறந்துவிடுகிறது. பின்னால் அது எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

சில அத்தியாயங்கள் தள்ளி, அதே காட்சி மறுபடி வருகிறது. இந்த முறை பால் டியின் பக்கத்திலிருந்து. சேத்தின் கணவன் ஹாலே ஏன் தப்பியோடும் நாளில் வந்து சேரவில்லை என்று அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது. தொழுவத்தின் பரணில் அவன் ஒளிந்திருந்து, நடந்தது முழுவதையும் பார்த்திருக்கிறான், அதன்பிறகு புத்தி பேதலித்து முகமெல்லாம் வெண்ணெயைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று பால் டி சொல்கிறான். ஒரே நிகழ்ச்சி, இரண்டாம் முறை. நமக்கு இதில் தகவல் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சேத்துக்கு? அவள் தன் மனதில் பதினெட்டு வருடமாக வைத்திருந்த காட்சிக்குள் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். வராத கணவன் பார்த்துக்கொண்டிருந்த கணவனாகிவிட்டான். 1855-இல் நடந்த ஒன்று 1873-இல் அந்தச் சமையலறையில்தான் அவளுக்கு நடக்கிறது. இதை நேர்வரிசையில் எழுதினால் பரணில் ஹாலே இருப்பது நமக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், அவளுக்குத் தெரியாது. நாம் அவளைவிட மேலான இடத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருப்போம். மாரிசன் நம்மை அவளோடு சேர்த்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்.

நான்கு குதிரைக்காரர்கள்

இப்போது கொலைக்காட்சிக்கு வருகிறேன். அதற்கு முந்தைய அத்தியாயம் ஒரு விருந்தைப் பற்றியது. சேத் தப்பி வந்து சேர்ந்து இருபதுக்கு மேல் நாள்கள் ஆகிவிட்டன. அவள் மாமியார் பேபி சக்ஸின் வீட்டில் இரண்டு வாளி பிளாக்பெர்ரிப் பழங்களில் தொடங்கியது தொண்ணூறு பேர் சாப்பிடும் விருந்தாகப் பெருகுகிறது. சாப்பிட்டுவிட்டுப் போன ஊர், இவ்வளவு ஆடம்பரமா என்று உள்ளுக்குள் புழுங்குகிறது. மறுநாள் குதிரைக்காரர்கள் தெருவில் வரும்போது ஒருவரும் முன்னால் ஓடி எச்சரிக்கவில்லை.

அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது நாம் அந்த வீட்டுக்குள் இல்லை. குதிரைமேல் இருக்கிறோம். பண்ணையின் எசமான், ஒரு மருமகன், ஆள்பிடிக்கிறவன், ஷெரீப் ஆகிய நால்வரோடு சேர்ந்து வருகிறோம். எசமானுக்கு நாவல் முழுக்கப் பெயர் கிடையாது, வாத்தியார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கொட்டகைக்குள் நமக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் கண்ணில் படுவது: மரத்தூளில் இரத்தம் வழியக் கிடக்கும் இரண்டு பையன்கள், ஒரு கையால் இரத்தத்தில் தோய்ந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மறு கையில் கைக்குழந்தையைக் குதிகாலைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஒரு கறுப்பினப் பெண். பேர் இல்லை. வாத்தியார் அங்கேயே கணக்குப் போடுகிறான். இங்கே உரிமை கொண்டாட இனி ஒன்றும் இல்லை, இவளுக்கு இன்னும் பத்து வருடமாவது பிள்ளை பெறும் வயது இருந்தது, எல்லாம் வீண், மருமகன் அளவுக்குமீறி அடித்ததால் வந்த வினை. குதிரையை அல்லது வேட்டைநாயை அளவுக்குமேல் அடித்துக் கெடுத்ததுபோல என்று அவன் யோசிக்கிறான்.

இவ்வளவு பக்கங்கள் சேத்தோடு வாழ்ந்துவிட்டோம். அவள் ரொட்டிக்கு மாவு பிசைவதைப் பார்த்தோம், முதுகின் தழும்பைத் தொட்டுப் பார்த்தோம். அவளுடைய வாழ்க்கையின் மிகப்பெரிய நாளை நமக்குக் காட்டும்போது, அவள் பெயரையே தெரிந்துகொள்ள விரும்பாத ஒருவனின் கண்ணைக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் சேத் என்று கண்டுபிடிப்பது வாசிக்கிறவர் வேலை. அந்த ஒரு கணம் நாமும் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்துவிடுகிறோம். இந்தக் காட்சி முதல் பக்கத்தில் இருந்திருந்தால் பெயரில்லாத பெண் வெறும் பெயரில்லாத பெண்தான். பெயர் தெரிந்தபின் பெயரைப் பிடுங்குவதற்குத்தான் இவ்வளவு தாமதம்.

மாரிசனுக்கு இந்தக் கதையின் விதை 1856 ஜனவரியில் நடந்த மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் உண்மைச் சம்பவத்திலிருந்து, ஒரு பழைய பத்திரிகைச் செய்தி வழியாக வந்தது. நாவலுக்குள்ளும் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. குதிரைக்காரர்களின் அத்தியாயத்துக்கு அடுத்ததில், ஸ்டாம்ப் பெய்ட் என்ற முதியவர் அதைப் பால் டியிடம் காட்டுகிறார். பால் டிக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து இது அவளுடைய வாய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதற்கும் அடுத்த அத்தியாயத்தில் அவன் சேத்திடமே கேட்கிறான். அவள் நேராகப் பதில் சொல்வதில்லை. சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே, குழந்தைகளுக்குப் பல் முளைப்பது, கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது, ஒரு துணியைத் தைத்தது என்று எதைஎதையோ சொல்கிறாள். தான் போடும் இந்த வட்டம் ஒருநாளும் நடுப்புள்ளியைத் தொடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே நாள், தொடர்ந்து மூன்று அத்தியாயங்களில் எசமானின் கண், பத்திரிகைத் துண்டு, அவள் வாய் என்று மூன்று விதமாக வருகிறது. இதில் முதல் இரண்டும் நேராகச் சொல்கின்றன. வாத்தியாரின் பார்வையில் எல்லாம் வரிசையாக இருக்கிறது: வந்தோம், பார்த்தோம், நஷ்டம், திரும்பினோம். பத்திரிகையும் வரிசையாகத்தான் சொல்லும். வட்டமடிப்பவள் அவள் ஒருத்திதான். நண்பரின் 'நேராகச் சொன்னால் என்ன' என்ற கேள்விக்கு நாவலுக்குள்ளேயே பதில் இருக்கிறது. நேராகச் சொல்ல முடிகிறவர்கள் யார் என்று பாருங்கள்.

நான்கு கால்

சேத்தின் வட்டத்தைக் கேட்டு முடித்த பால் டி, உன் அன்பு ரொம்பக் கனமானது என்கிறான். கடைசியில், உனக்கு இருப்பது இரண்டு கால், நான்கு இல்லை என்கிறான். சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போகிறான். முதல் தடவை வாசித்தபோது இதைக் கொடூரமான ஒரு வசை என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். பாதி மனதோடு அவன் பக்கமும் இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைக் கொன்ற கையைப் பார்த்தபின் வேறு என்ன செய்வது.

முதல் பாகம் அங்கே முடிகிறது. இரண்டாம் பாகத்தில், வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் இளம்பெண்ணைத் தன் செத்த மகளே திரும்பி வந்ததாக நம்பும் சேத், யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றை அவளை நோக்கி மனதுக்குள் சொல்கிறாள். ஸ்வீட் ஹோமில் ஒருநாள் வாத்தியார் தன் மருமகன்களுக்குப் பாடம் நடத்துவதை அவள் தற்செயலாகக் கேட்டிருக்கிறாள். பாடத்தின் பொருள் அவள்தான். இவளுடைய மனிதக் குணங்களை இடப்பக்கமும் மிருகக் குணங்களை வலப்பக்கமும் எழுது, வரிசையாக வை என்று அவன் மாணவனைத் திருத்துகிறான். எழுதப் பயன்படும் மையைக் காய்ச்சிக் கொடுத்ததும் அவள்தான்.

என் நோட்டின் இரண்டு பத்திகளும் முற்றிலும் பிரிந்துபோகிற இடம் இது. நடந்த வரிசை: மிருகக் குணப் பட்டியல், தப்பித்தல், கொலை, பால் டியின் நான்கு கால். சொல்லப்படும் வரிசை: கொலை, நான்கு கால், அதற்குப் பிறகுதான் பட்டியல். பிள்ளைகளைத் திரும்பவும் அந்தப் பட்டியலின் வலப்பக்கத்துக்கு அனுப்ப மாட்டேன் என்பதுதான் அவள் செய்ததற்கான காரணம் என்றால், அவளுக்கான ஆகப்பெரிய சாட்சியம் தீர்ப்பு சொல்லி முடிந்தபிறகு வருகிறது.

வாசகரை வசப்படுத்த மட்டும் காலத்தைக் கலைக்கிற எழுத்தாளர் இதற்கு நேர்மாறாகச் செய்திருப்பார். பட்டியலை முதலில் காட்டி, நம் இரத்தத்தைக் கொதிக்க வைத்து, அப்புறம் கொட்டகைக்குள் கூட்டிப் போயிருப்பார். நாமும் அவளை எளிதாக மன்னித்துவிட்டு நம்மை நல்லவர்களாக நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்போம். மாரிசன் அந்த வசதியைத் தரவில்லை. நாம் பால் டியோடு சேர்ந்து தீர்ப்பு சொல்லவும் விடுகிறார். பட்டியல் வரும்போது 'நான்கு கால்' என்ற சொல் பின்னோக்கிப் போய் வேறாக மாறுகிறது. தெரியாமல்தான் சொன்னான், ஆனால் தன்னையும் அதே தொழுவத்தில் வைத்திருந்த வாத்தியாரின் நோட்டில் வலப்பக்கம் இன்னொரு வரியை அவன் எழுதிவிட்டான். அவனோடு தலையாட்டிய நாமும். பக்கத்தைத் திருப்பி அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கூசியது.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய துணை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறவிக் கதை எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்டுரை காதையில், கோவலன் வெட்டுண்டு, கண்ணகி வழக்குரைத்து, பாண்டியன் உயிர்விட்டு, மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் வந்து சொல்கிறது: முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கினான், அவன் மனைவி நீலி இட்ட சாபம் இது. பதிகம் ஊழ்வினையைப் பற்றி முன்பே சொல்லி வைத்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் சங்கமனும் நீலியும் விவரமாக வருவது இங்கேதான். இதைப் புகார்க் காண்டத்திலேயே சொல்லியிருந்தால் அரசவையில் கண்ணகி சிலம்பை உடைக்கும்போது நம் கோபம் பாதியாகியிருக்கும், எல்லாம் விதி என்று. ஊர் எரிந்தபின் வரும் ஊழ் எதையும் அணைப்பதில்லை. கண்ணகியின் நியாயம் அதன் முன்னே உறுதியாக நின்றுவிட்டது. 'பிலவ்ட்'டில் தாமதமாக வரும் காரணம் தீர்ப்பைக் குலைக்கிறது, இங்கே தாமதமாக வரும் காரணத்தால் தீர்ப்பைக் குலைக்க முடியவில்லை. தாமதம் ஒன்றுதான், வேலை வேறு வேறு.

நோட்டில் இடமில்லாத பக்கங்கள்

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பட்டியல் பற்றிய இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் வருடம் போட்டுத் தாவுகிற மற்ற நாவல்களையும் இப்படி நேராக்கிப் பார்க்கலாமே என்றார். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நேராக்கியபின் எந்தப் பாத்திரத்தின்மீதும் நம் தீர்ப்பு மாறவில்லையென்றால், தெரியாத ஒன்று தெரியவந்ததைத் தவிர வேறெதுவும் இழப்பில்லையென்றால், அவர் சொன்ன வித்தை என்ற சொல் அந்த நாவலுக்குப் பொருந்தும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் 'பிலவ்ட்'தான் காட்டியது. இரண்டாம் பாகத்தில் சேத், டென்வர் இருவரின் தன்னுரைகளுக்குப் பிறகு பிலவ்ட் என்ற அந்தப் பெண்ணே பேசும் சில பக்கங்கள் வருகின்றன. நிறுத்தற்குறி கிட்டத்தட்ட இல்லை, வாக்கியங்களுக்கிடையே வெற்றிடம்தான். நெருக்கியடித்துக் கிடக்கும் உடல்கள், பக்கத்தில் செத்துக்கிடப்பவனின் முகம், கடலுக்குள் போகும் ஒருத்தி. படிக்கும்போது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்த கப்பல் என்று புரிகிறது. ஆனால் கொல்லப்பட்டபோது அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, பிறந்தது கென்டக்கிப் பண்ணையில். அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வது 1808-இலேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது. இந்தக் கப்பலை அந்தக் குழந்தை எங்கே, எப்போது பார்த்தது? இது அவளுடைய நினைவா, அவள் பாட்டியின் தலைமுறையுடையதா, கப்பலிலேயே செத்தவர்கள் எல்லோருடையதுமா? எல்லாமே இப்போதுதான், எப்போதுமே இப்போதுதான் என்ற பொருளில் அவள் ஒரு வரி சொல்கிறாள். வலப்பக்கப் பத்தியில் அந்தப் பக்கங்களை எழுதிவிட்டேன். இடப்பக்கத்தில் 1855-க்கு மேலேயா, கீழேயா, எந்த வரியில் வைத்தாலும் தவறாகவே வருகிறது. கடைசியில் அந்த வரியில் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.